சுங்கை சிப்புட்டில் வீடு, புதுக்கோட்டையில் நிலம்: உயில் ஒன்றா, இரண்டா?

கேள்வி: அப்பாவுக்கு சுங்கை சிப்புட்டில் வீடு, புதுக்கோட்டைப் பக்கம் கொஞ்சம் நிலம், சிங்கப்பூர் பேங்கில் சேமிப்பு இருக்கிறது. நாங்கள் இந்துக்கள். மலேசியாவில் ஒரு உயில் எழுதினால் போதுமா? எந்த நாட்டுச் சட்டம் செல்லும்?

பதில்:

நான் இதே ஊரில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன். தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் உயில் எழுத வரும்போது, வீட்டைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்து, கிளம்பும் நேரத்தில்தான் "ஊரில் கொஞ்சம் நிலமும் இருக்கு" என்பார்கள். நீங்கள் அதை முதலிலேயே கேட்டது நல்லது.

நிலமும் வீடும் எந்த நாட்டில் இருக்கின்றனவோ, அந்த நாட்டுச் சட்டப்படிதான் கைமாறும். பேங்க் பணம், பங்கு, நகை போன்ற அசையும் சொத்துக்கு, இறந்தவர் எந்த நாட்டை நிரந்தர இருப்பிடமாகக் கொண்டிருந்தாரோ அந்த நாட்டுச் சட்டம். மலேசியா, இந்தியா, சிங்கப்பூர் மூன்றும் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற இந்த விதியைத்தான் பின்பற்றுகின்றன. உங்கள் அப்பா இங்கேயே வாழ்ந்து இங்கேயே இருக்க நினைப்பவர் என்றால், சிங்கப்பூர் பணத்துக்கும் மலேசியச் சட்டம்தான். கடைசிக் காலத்தில் புதுக்கோட்டைக்கே போய்க் குடியேறிவிடுவது என்று முடிவெடுத்தால் அது மாறக்கூடும்.

உயில் இல்லாமல் போனால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஒருவருக்கு மனைவி, மூன்று பிள்ளைகள், பெற்றோர் உயிரோடு இல்லை என்று வைத்துக்கொள்வோம். தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி, இங்குள்ள வீட்டில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. புதுக்கோட்டை நிலத்துக்கு 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். அங்கே மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு. ஒரே மனிதர், ஒரே குடும்பம், ஆனால் இரண்டு விதமான கணக்கு. (முஸ்லிம்களுக்கு ஃபராயித் முறை தனி. இங்கே சொல்வது அவர்களுக்குப் பொருந்தாது.)

சரி, மலேசியாவில் எழுதும் ஒரே உயில் இந்திய நிலத்துக்கும் செல்லுமா? செல்லும். இங்கே இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடனிருக்க, அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அதன்பின் அவர் முன்னால் சாட்சிகள் போட வேண்டும். இந்தியச் சட்டத்துக்கும் இரண்டு சாட்சி போதும், அவர்கள் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆக இங்கே முறையாக எழுதியது அங்கேயும் முறையானதே.

சிக்கல் அவர் காலத்துக்குப் பிறகுதான். இங்கே ஹைகோர்ட்டில் உயிலை உறுதிசெய்யும் உத்தரவான புரோபேட் வாங்கும்போது உயிலின் அசல் கோர்ட்டுக்குப் போய்விடும். அப்புறம் சான்றளித்த நகலை வைத்துக்கொண்டு புதுக்கோட்டையில் தனியாக மனுப் போட வேண்டும். இங்கே வேலை முடியும்வரை அங்கே எதுவும் நகராது. அங்கே யாராவது பங்காளி எதிர்த்தால், உயிலை நிரூபிக்கச் சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்தால் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். சாட்சி ஈப்போவில் இருப்பார், வழக்கு புதுக்கோட்டையில் நடக்கும். இந்திய நிலத்துக்கு மட்டும் தனி உயிலை, அங்குள்ள சாட்சிகளோடு, தமிழிலேயே எழுதி வைத்தால் இந்த அலைச்சல் பெரும்பாலும் இருக்காது. இரண்டு நாட்டு வேலையும் ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் நடக்கும். சிங்கப்பூருக்குத் தனி உயில் தேவையில்லை. மலேசிய புரோபேட்டை அங்குள்ள கோர்ட் ஏற்றுக்கொண்டு போடும் மறுமுத்திரை வாங்கிப் பயன்படுத்தலாம்.

ஆனால் இரண்டு உயிலில் ஓர் ஆபத்து உண்டு, என்னை மிகவும் வேதனைப்படுத்திய விஷயம் அதுதான். எங்கள் பக்கத்து ஓய்வு பெற்ற கிராணி ஒருவர், வீடு முழுவதும் மனைவிக்கே என்று இங்கே உயில் எழுதினார். சில வருடம் கழித்து ஊருக்குப் போனபோது, நிலத்தை மகளுக்கு எழுத ஒரு பத்திர எழுத்தரிடம் போனார். அவர் வழக்கமான மாதிரியில் ஒரு வரியையும் சேர்த்துவிட்டார்: "இதற்கு முன் நான் எழுதிய உயில்கள் அனைத்தையும் இதன்மூலம் ரத்து செய்கிறேன்." அந்த ஒரு வரி இங்கிருந்த உயிலையும் ரத்து செய்யும். அடுத்தடுத்த உயிலில் பிந்தையதுதான் நிற்கும், அது எந்த நாட்டில் எழுதப்பட்டது என்பது இதற்குத் தடையில்லை.

அவர் இறந்தபின் வீட்டுக்கு உயிலே இல்லாத நிலை. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்பதில் இரண்டு பங்கு. இரண்டு பேர் தங்கள் பங்கை அம்மாவுக்கே விட்டுக்கொடுத்தார்கள், மூத்தவர் விடவில்லை. வீட்டின் மதிப்பு 270,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், அவருக்குச் சேர வேண்டியது 60,000. தான் வாழும் வீட்டுக்கு அந்த அம்மா பணம் தேட வேண்டியதாயிற்று. அந்த வரி இந்திய நிலத்தைப் பற்றித்தான் சொன்னது என்று கோர்ட்டில் வாதாட இடமுண்டு, எழுதியவரின் நோக்கத்தைக் கோர்ட் பார்க்கும். ஆனால் நிரூபிக்கும் பாரம் அந்த அம்மாவின் தலையில், எழுதியவரோ உயிரோடு இல்லை.

ஆகவே இந்திய உயிலில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: "இந்த உயில் இந்தியாவில் உள்ள என் அசையாச் சொத்துகளுக்கு மட்டுமே பொருந்தும். மலேசியாவில் இன்ன தேதியில் நான் எழுதிய உயிலை இது மாற்றவோ ரத்து செய்யவோ செய்யாது." மலேசிய உயிலில் "மலேசியச் சொத்துகள்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், சிங்கப்பூர்ப் பணம் இரண்டு உயிலிலும் சேராமல் நடுவில் விழுந்துவிடும். "இந்தியாவில் உள்ள அசையாச் சொத்து நீங்கலாக, உலகில் எங்கிருந்தாலும் என் சொத்துகள் அனைத்தும்" என்று இருக்க வேண்டும். ரத்து வரியும் அதே எல்லைக்குள் நிற்க வேண்டும். பிறகு எப்போது ஓர் உயிலை மாற்றினாலும் மற்றதையும் எடுத்து மேசையில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

இபிஎஃப் பணம் உயில் வழியாகப் போகாது, நாமினிக்கே போகும். அதைத் தனியாகச் சரிபாருங்கள். மலேசிய உயிலுக்குச் சாட்சியாகப் பிள்ளைகளையோ மருமக்களையோ போடாதீர்கள். சாட்சிக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ எழுதியது செல்லாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் புதுக்கோட்டை நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், அது பூர்வீகச் சொத்தா, அப்பாவின் கூடப்பிறந்தவர்களுக்கு எவ்வளவு என்பது முதலில் தெரிய வேண்டும். அப்பா தன் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும், அத்தைமார்களுடைய பங்கை எழுத முடியாது. அந்தப் பட்டா நகலும் அப்பாவின் பழைய உயில் ஏதாவது இருந்தால் அதுவும் கையில் கிடைத்தபின் வக்கீலைப் பாருங்கள்.