ரீரேங்கர் சேர்த்தபின் பதில் மேம்பட்டதா என்று அறிவது

"ஆவணத் தேடலில் வரும் முதல் 5 துண்டுகளை மாடலுக்குக் கொடுத்துவந்தேன். இப்போது 50 எடுத்து, கேள்விக்குப் பொருந்தும் அளவுப்படி அவற்றை மறுவரிசைப்படுத்தும் ரீரேங்கர் வைத்து 5 ஆக்குகிறேன். பதில் மேம்பட்டதா என்று சொல்லத் தெரியவில்லை."

பதிலுக்கு முன்னால் துண்டை எண்ணுங்கள். 100 கேள்விகளுக்கு, விடை இருக்கும் துண்டைக் கையால் குறித்துவையுங்கள். ரீரேங்கர் இல்லாமல் அது முதல் 50-இல் 80 கேள்விகளுக்கும், முதல் 5-இல் 60 கேள்விகளுக்கும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ரீரேங்கர் மீட்கக்கூடியது அதிகபட்சம் 20. 50-க்குள்ளேயே வராத மற்ற 20-ஐத் தேடலில்தான் சரிசெய்ய வேண்டும்.

ரீரேங்கருக்குப் பிறகும் 60 வெறும் 62 ஆனால், துண்டின் நீளத்தைப் பாருங்கள். பல ரீரேங்கர்கள் கேள்வியும் துண்டும் சேர்த்து 512 டோக்கன்தான் படிக்கும். மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். விடை துண்டின் கடைசிப் பத்தியில் இருந்தால் அது கண்ணிலேயே படாது. துண்டைச் சிறிதாக்கி மறுபடி எண்ணுங்கள்.

72 வந்தால் பதிலுக்குப் போகலாம். ஒரே பிராம்ப்ட், ஒரே மாடல்; எது எந்த அமைப்பின் பதில் என்று தெரியாதபடி கலைத்து ஒருவரிடம் மதிப்பிடக் கொடுங்கள். தீர்ப்பு மாறிய கேள்விகளை மட்டும் எண்ணுங்கள். 14 மேம்பட்டு 6 கெட்டிருந்தால் அவசரப்பட வேண்டாம்: நாணயத்தை 20 முறை சுண்டினாலும், இந்த அளவோ இதைவிட அதிகமோ ஒரு பக்கம் சாய்வது ஏறக்குறைய 9 தடவைக்கு ஒரு தடவை நடக்கும். கேள்விகளை 300 ஆக்குங்கள். கெட்டுப்போன அந்த 6-ஐ ஒவ்வொன்றாக வாசியுங்கள். எந்தத் துண்டு வெளியே தள்ளப்பட்டது என்பது அங்கேதான் தெரியும்.