ஈரத்தில் தொலையும் கிரிக்னார்டு: கேள்விகளும் பதில்களும்

முதுநிலை மாணவர்: மேடம், புரோமோபென்சீனை ஈதரில் மெக்னீசியத்தோடு சேர்த்துக் கிரிக்னார்டாக்கி, அதைக் கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்துப் பென்சாயிக் அமிலம் செய்தேன். 15.7 கிராம் எடுத்தேன், பாதிகூடத் தேறவில்லை. ஈதர் கொஞ்சம் பழசு. அந்த ஈரத்துக்கா இவ்வளவு அடி?

ஆமாம், அதற்கே இவ்வளவு அடி விழலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 15.7 கிராம் புரோமோபென்சீன் 0.1 மோல். முழுவதும் அமிலமானால் 12.2 கிராம் வர வேண்டும். நீரின் மோல் எடையோ வெறும் 18. அதாவது 0.9 கிராம் தண்ணீர், ஒரு மில்லிலிட்டர்கூட இல்லை, உங்கள் கிரிக்னார்டில் பாதியைத் தின்றுவிடும். நீர் தாராளமாகக் கலந்த ஈதரில் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் நீர் இருக்கும். அப்படிப்பட்ட ஈதரை 100 மில்லி ஊற்றினால் முக்கால் கிராம் தண்ணீரை நீங்களே குடுவைக்குள் விட்டதாகிறது. பார்வைக்கு அது தெளிவாகத்தான் இருக்கும்.

ஏன் நீர் முந்திக்கொள்கிறது என்றால், மெக்னீசியத்தோடு ஒட்டியிருக்கும் அந்தக் கார்பன் கடுமையான காரம். நீரின் பிகேஏ 15.7, பென்சீனுடையது 43 பக்கம்; எண் சிறியதானால் புரோட்டானை எளிதில் விட்டுக்கொடுக்கும். புரோட்டான் கிடைத்ததும் அந்தக் கார்பன் பென்சீனாகிவிடும், திரும்பி வரவே வராது. கார்பன் டை ஆக்சைடோடு பிணைப்பு உண்டாவதைவிட ஒரு புரோட்டான் கைமாறுவது வேகமானது. பென்சீன் ஈதரோடு சேர்ந்து ஆவியாகிப் போவதால் கையில் தடயமும் நிற்காது.

ஆனால் நீரின் மேல் மட்டும் பழி போடுவதற்கு முன் ஒன்று பாருங்கள். அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடில் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய ஈதர் அடுக்கை ஆவியாக்குங்கள். 70 டிகிரி அருகே உருகும் வெள்ளைச் செதில்கள் நிறைய வந்தால் அது பைஃபீனைல். ஹாலைடை, அதாவது புரோமோபென்சீனை, அவசரமாகச் சேர்த்திருக்கிறீர்கள், கலவை சூடாகிக் கிரிக்னார்டே ஹாலைடோடு இணைந்துவிட்டது. எண்ணெய் மிஞ்சினால் புரோமோபென்சீன் வினைபுரியாமலே கிடக்கிறது. இரண்டும் சொற்பம், விளைச்சலும் குறைவு என்றால்தான் நீர்.

பழைய ஈதர் என்கிறீர்களே, பெராக்சைடு சோதனை செய்தீர்களா? செய்யாமல் அதைக் காய்ச்சி வடிக்காதீர்கள்.

இளநிலை மூன்றாம் ஆண்டு: வினை தொடங்கவே இல்லை. அயோடின் துண்டு போட்டும் அப்படியே கிடக்கிறது. மீதி புரோமோபென்சீனையும் சேர்த்துவிட்டால் தொடங்குமா?

வேண்டாம். தொடங்காத குடுவையில் ஹாலைடை ஊற்றாதீர்கள். இப்போது சும்மா கிடக்கிற அந்தக் குடுவை பத்து நிமிடம் கழித்து ஒரே மூச்சில் கிளம்பும். ஈதர் 35 டிகிரியில் கொதிக்கும். கண்டென்சரால் அதை அடக்க முடியாது.

தொடக்கத்தில் நீர் செய்யும் கெடுதல் வேறு மாதிரி. கிரிக்னார்டு கொஞ்சம் உண்டாகிவிட்டால் அதுவே மிச்ச நீரைத் தின்று ஈதரை உலர்த்திவிடும். நமக்கு நஷ்டம் ஒன்றுக்கு ஒன்று, அவ்வளவுதான். ஆனால் முதல் துளி உண்டாகும் முன் நீரைத் தின்ன ஆளில்லை. மெக்னீசியத்தின் மேல் ஏற்கெனவே ஆக்சைடுப் படலம் இருக்கிறது, ஈரம் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் விளைச்சலில் ஐந்து சதவீதம்கூடக் குறைக்காத அளவு நீர், தொடக்கத்தையே முடக்கிவிடுகிறது.

ஹாலைடில் பத்தில் ஒரு பங்கு மட்டும் உள்ளே இருக்கட்டும். உலர்ந்த கண்ணாடிக் கம்பியால் குடுவைக்குள்ளேயே இரண்டு மூன்று துருவல்களை அழுத்தி உடையுங்கள், புது உலோக முகம் வெளிப்படும். மசியவில்லை என்றால் 1,2-டைபுரோமோ ஈத்தேன் சில துளிகள். அயோடின் நிறம் மறைந்து, கலவை சாம்பல் பூத்தாற்போல் கலங்கி, உலோகத்தின் மேலிருந்து குமிழ் வந்து, நீங்கள் சூடாக்காமலே ஈதர் கொதித்தால் தொடங்கிவிட்டது. அதன் பிறகு சொட்டுச் சொட்டாக.

ஆய்வு மாணவி: எனக்கு ஈரப் பிரச்சினையே வராது. குடுவையை அசிட்டோனால் கழுவி உடனே காயவைத்துவிடுவேன். இருந்தும் அமிலம் குறைவு, கூடவே ஏதோ ஆல்கஹால் வருகிறது.

அந்த ஆல்கஹால் 2-ஃபீனைல்-2-புரப்பனாலாக இருக்கும். கிரிக்னார்டு கீட்டோனைச் சும்மா விடுமா? குடுவையில் ஒட்டிய அசிட்டோனைப் பிடித்துக்கொண்டது. போதாததற்குக் கடையில் வாங்கும் அசிட்டோனில் தண்ணீரும் இருக்கும். 120 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க வைத்து, சூடு ஆறும்போதே கால்சியம் குளோரைடுக் குழாயைச் செருகுங்கள்.

மற்றொருவர்: வினை தொடங்கவில்லை, என்ன செய்வது?

மேலே இரண்டாவது பதில்.

ஆய்வகப் பொறுப்பாளர்: எல்லோரும் கிரிக்னார்டை உலர் பனிக்கட்டி, அதாவது திடக் கார்பன் டை ஆக்சைடு, மேல் ஊற்றச் சொல்கிறீர்கள். சிலிண்டர் வாயுவைச் சல்ஃபூரிக் அமிலத்தில் உலர்த்திக் குமிழவிடுவதே சுத்தம். பனிக்கட்டியின் மேல் உறைபனி படிகிறதே, அது தண்ணீர்தானே?

உலர்த்துவதைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் வாயுவை விடும்போது குடுவையில் எந்த நேரமும் கிரிக்னார்டுதான் அதிகம், கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம். முதலில் உண்டான கார்பாக்சிலேட் உப்பின் மேலேயே மிச்சக் கிரிக்னார்டு பாயலாம். பென்சோஃபீனோன், அதையும் தாண்டி ட்ரைஃபீனைல்மெத்தனால். பனிக்கட்டியில் ஊற்றும்போது கணக்கு தலைகீழ்: வாயுதான் எப்போதும் மிகுதி, வெப்பநிலையும் மைனஸ் 78 பக்கம்.

அதே பொறுப்பாளர்: மைனஸ் 10-ல் வைத்து வேகமாகக் கலக்கினால் உப்பு வீழ்படிவாகிவிடும், அதன் மேல் எதுவும் பாயாது. எங்கள் ஆய்வகத்தில் அப்படித்தான்.

குளிராக வைத்தால் சரிதான், அப்படிச் செய்து நல்ல விளைச்சல் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டுப்பாடில்லாமல் குமிழவிடுகிறவர்களுக்குத்தான் என் எச்சரிக்கை. உறைபனி விஷயத்தில் நான் இன்னும் பிடிவாதக்காரி. பனிக்கட்டியைத் துணியால் துடைத்து, பொடித்த அந்த நிமிடமே பயன்படுத்துங்கள்.

தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்: அம்மா, உறைபனிக்கு இவ்வளவு பயம் எதற்கு? மைனஸ் 78-ல் பனி திடமாகக் கிடக்கும். அது உருகுவதற்குள் கிரிக்னார்டு எல்லாம் கார்பன் டை ஆக்சைடோடு முடிந்திருக்கும்.

வாதம் நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் நாம் ஊற்றுவது இளஞ்சூடான ஈதர் கரைசல். அது விழும் இடத்தில் பனிக்கட்டியின் மேற்பரப்பு எவ்வளவு சூடாகிறது? உறைபனி இருப்பதும் அதே மேற்பரப்பில்தானே?

ஆய்வகப் பொறுப்பாளர்: நான் அளந்தே பார்த்தேன். ஊற்றுவதற்கு முன் ஒரு மில்லி எடுத்து அமிலத்தோடு தரம் பார்த்தால் மொத்தக் கரைசலில் 0.095 மோல் இருக்கிறது. அமிலமாக வந்தது 0.07. மீதி உறைபனியில்தான் போயிருக்கிறது.

இல்லை, அந்தத் தரம்பார்த்தல் உங்களை ஏமாற்றுகிறது. கிரிக்னார்டு நீரோடு சேர்ந்து செத்தால் மெக்னீசியம் ஹைட்ராக்சி புரோமைடு மிஞ்சும். அதுவும் காரம்தான், அமிலத்தை அதே அளவு தின்னும். உயிரோடு இருப்பதையும் செத்ததையும் சேர்த்தே எண்ணியிருக்கிறீர்கள். உங்கள் 0.095-ல் ஒரு பகுதி குடுவையிலேயே இறந்ததாக இருக்கலாம். 1,10-ஃபீனாந்த்ரோலின் சிட்டிகை போட்டு நைட்ரஜனில் வைத்து, உலர்ந்த 2-பியூட்டனால் கரைசலால் தரம் பாருங்கள். கிரிக்னார்டு உயிரோடு இருக்கும்வரை நிறம் நிற்கும், தீர்ந்ததும் மறையும். கார்பன்–மெக்னீசியம் பிணைப்பை மட்டும் எண்ணும் வழி அது.

ஓய்வு பெற்றவர்: சரி, பென்சீன் ஆவியாகிவிடுகிறதே என்ற தொல்லை வேண்டாம். 1-புரோமோநாஃப்தலீன் எடுங்கள். செத்தது நாஃப்தலீனாக நிற்கும், எடை போடலாம்.

அருமையான யோசனை. ஒரே கரைசலைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும், ஒன்று துடைத்த கட்டியின் மேல், மற்றது உறைபனி படியவிட்ட கட்டியின் மேல். முன்பே செத்தது இரண்டிலும் சமம். நாஃப்தலீன் எடையில் வரும் வித்தியாசம் மட்டும் உறைபனியின் வேலை. ஆவியாக்கும்போது நாஃப்தலீன் கொஞ்சம் பதங்கமாகிப் போகும், அதில் கவனம். யாராவது செய்துவிட்டு எண்ணோடு வாருங்கள். அதுவரை ஓய்வு பெற்ற ஐயா துடைக்காமல் ஊற்றட்டும், நான் துடைத்தே ஊற்றுகிறேன்.

ஒரு வாசகர்: இதைக் கொண்டு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி புவி வெப்பமாதலைக் குறைக்கலாமே?

காற்றில் அது 0.04 சதவீதம், ஈரமான நாளில் நீராவி அதைப் போல ஐம்பது மடங்கு இருக்கும். யார் முந்துவார் என்று மேலே சொன்னேன். ஆக்சிஜன் வேறு காத்திருக்கிறது.

ஆய்வு மாணவர்: இரண்டு கார்பன் நீட்ட எத்திலீன் ஆக்சைடு பயன்படுத்தப் போகிறேன். கார்பன் டை ஆக்சைடு போலவே எளிதுதானா?

அவ்வளவு எளிதில்லை. ஃபீனைல் மெக்னீசியம் புரோமைடோடு சேர்த்தால் வளையம் திறந்து, அமிலம் சேர்த்த பின் 2-ஃபீனைல் எத்தனால் கிடைக்கும், ரோஜா மணம் வீசும் ஆல்கஹால். ஆனால் எத்திலீன் ஆக்சைடு 11 டிகிரி அருகிலேயே கொதிக்கும் வாயு, எளிதில் தீப்பற்றும், புற்றுநோய் உண்டாக்கும். புகைக் கூண்டு இல்லாத இடத்தில் அதைத் தொடாதீர்கள். குடுவையையும் எத்திலீன் ஆக்சைடையும் பனி நீரில் குளிரவைத்து மெல்லச் சேர்த்து, தானாக மெல்லச் சூடேற விடுங்கள். குளிரில் சேர்ந்து கிடப்பது சூடேறும்போது மொத்தமாக வெடித்துக் கிளம்பக்கூடும்.

விளைச்சல் குறைய நீர் மட்டும் காரணமில்லை. கிரிக்னார்டு கரைசலில் மெக்னீசியம் புரோமைடும் எப்போதும் இருக்கிறது. அதன் புரோமைடு கார்பனுக்கு முன் வளையத்தைத் திறந்தால் 2-புரோமோ எத்தனால்தான் மிச்சம். ஸ்டைரீன் ஆக்சைடு போன்றவற்றில் இன்னொரு சிக்கல்: மெக்னீசியம் வளையத்தைப் பிடித்து இழுத்து ஆல்டிஹைடாக மாற்றிவிடும், பிறகு கிரிக்னார்டு அந்த ஆல்டிஹைடில் போய்ச் சேரும். எதிர்பாராத இடத்தில் ஓஎச் கண்டால் அதைச் சந்தேகியுங்கள். சிறிதளவு காப்பர் அயோடைடு, குளிர்ந்த டிஎச்எஃப் கரைப்பான் இரண்டும் சேர்ந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். கார்பன் நெருக்கடி இல்லாத பக்கமாகப் போய்ச் சேரும்.

அதே மாணவர்: அந்த ஆல்கஹாலைப் புரோமைடாக்கி மறுபடி கிரிக்னார்டு செய்து கார்பன் டை ஆக்சைடு சேர்த்தால் 3-ஃபீனைல் புரப்பனாயிக் அமிலம், சரியா?

சரி. ஃபாஸ்பரஸ் ட்ரைபுரோமைடு போதும். ஆனால் மாறாமல் மிஞ்சிய ஆல்கஹாலை முழுக்க நீக்குங்கள். குடுவையும் ஈதரும் எவ்வளவு உலர்ந்திருந்தாலும் அதன் ஓஎச் தண்ணீரைப் போலவே கிரிக்னார்டைக் கொல்லும். காய்ச்சி வடித்த பின் அகச்சிவப்பு நிறமாலையில் 3300 பக்கம் மேடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெக்னீசியத்தை எடுங்கள்.

பெயர் சொல்லாதவர்: 1-புரோமோபுரப்பேனிலிருந்து பியூட்டனாயிக் அமிலம், 1-பென்டனால். வழி?

முதலாவதற்குக் கார்பன் டை ஆக்சைடு, இரண்டாவதற்கு எத்திலீன் ஆக்சைடு. வீட்டுப்பாடத்தை நீங்களே எழுதுங்கள்.

முதல் ஆண்டு மாணவி: நீர் பட்டால் கெடும் என்கிறீர்கள், கடைசியில் நீங்களே அமிலமும் நீரும் ஊற்றுகிறீர்களே?

நல்ல கேள்வி. அந்த நேரத்தில் குடுவையில் கிரிக்னார்டே இல்லை, ஆக்சிஜனோடு பிணைந்த மெக்னீசியம் உப்பு மட்டும்தான். அதற்குப் புரோட்டான் கொடுத்தால்தான் அமிலமோ ஆல்கஹாலோ வெளியே வரும். அமிலம் ஏன் என்றால், வெறும் நீரில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கூழாகி அடுக்குகள் பிரியாது.

இன்னொருவர்: மேடம், அவசரம். தொடங்கவில்லை, ஹாலைடு முழுவதும் ஊற்றிவிட்டேன்.

சூடாக்காதீர்கள், அயோடினும் போடாதீர்கள். பனி நீர்த் தொட்டியைக் குடுவைக்கு அடியில் வையுங்கள், பக்கத்தில் எரியும் எதுவும் இருக்கக் கூடாது, கண்டென்சரில் தண்ணீர் ஓடுகிறதா பாருங்கள். புகைக் கூண்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தள்ளி நில்லுங்கள், உங்கள் பேராசிரியரை உடனே கூப்பிடுங்கள்.