மோர்பின் குடிக்கும் அம்மாவுக்கு மலச்சிக்கல்: எதை வாங்குவது?

கேள்வி: அம்மாவுக்குப் புற்றுநோய், எலும்பு வலிக்கு மோர்பின் குளிசை குடிக்கிறா. நாலு நாளாக மலம் போகவில்லை. வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் இசப்கோல் தந்தார்கள், மூன்று நாள் கொடுத்தும் பலனில்லை. இன்னும் நல்ல பிராண்ட் ஏதாவது வாங்கலாமா? இல்லாவிட்டால் மோர்பினைக் குறைக்கவா?

பதில்: பிராண்டை மாற்றிப் பிரயோசனமில்லை. இசப்கோலை நிறுத்துங்கள், மோர்பினை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

கடைக்குப் போகமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வயிறு ஊதி இறுகியிருக்கிறதா, வாந்தி வருகிறதா, வாயு கூடப் போகாமல் நிற்கிறதா? இதில் எது இருந்தாலும் மருந்து வாங்கும் நேரமல்ல, குடலில் அடைப்பு இருக்கலாம், இன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நாலு நாள் போகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தண்ணியாகக் கசிந்தாலும் 'அப்பாடா, போய்விட்டது' என்று நினைக்க வேண்டாம். உள்ளே கட்டியாக நிற்கும் மலத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணி மட்டும் வருவதாக இருக்கலாம். அப்போது வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

மோர்பின் குடலின் அசைவையே மந்தமாக்குகிறது. மலம் உள்ளே அதிக நேரம் தங்குவதால் அதிலுள்ள தண்ணீரும் உறிஞ்சப்பட்டு அது காய்ந்துபோகிறது. தூக்கக் கலக்கமும் குமட்டலும் சில நாட்களில் உடம்புக்குப் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது, மருந்து உள்ள காலமெல்லாம் இருக்கும். இசப்கோல் தண்ணீரில் ஊதிப் பருத்து, குடல் தானே தள்ளும் என்ற நம்பிக்கையில் வேலை செய்வது. தள்ளாத குடலில், அதுவும் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கும் நோயாளியிடத்தில், அது பொதியாக நின்று அடைத்துக்கொள்ளவும் கூடும். மற்ற ஆட்களுக்கு நல்ல சாமான்தான், இந்த இடத்துக்கு ஒத்துவராது.

உங்களுக்கு வேண்டியது குடலைத் தள்ள வைக்கும் மருந்து. சென்னா அல்லது பிசகோடில் என்று கேளுங்கள், இரண்டில் ஒன்று போதும். சென்னா என்றால் 7.5 மில்லிகிராம் குளிசை ஒன்று அல்லது இரண்டு, பிசகோடில் என்றால் 5 மில்லிகிராம் ஒன்று அல்லது இரண்டு, இரவு படுக்கமுன். வேலை செய்ய 6 முதல் 12 மணித்தியாலம் ஆகும், அதனால் காலையில் போகும். பிசகோடிலை உடைக்கவோ அரைக்கவோ கூடாது, பாலோடும் வேண்டாம். அப்படிக் கொடுத்தால் குளிசையின் மேல்பூச்சு இரைப்பையிலேயே கரைந்து வயிற்றை முறுக்கும். இரவில் பால் தேத்தண்ணியோ ஹோர்லிக்ஸோ குடிக்கிறவர் என்றால் ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள்.

மலம் காய்ந்து இறுகியிருந்தால் இதோடு தண்ணீரை இழுத்துவைக்கும் மருந்து ஒன்றும் சேர்க்க வேண்டும். லக்ருலோஸ் பாணி 15 மில்லி, காலையும் இரவும். ஒரு நாளைக்கு 30 மில்லி என்றால் 200 மில்லிப் போத்தல் ஏழாம் நாளே காலியாகிவிடும், மாதக்கணக்கில் வேண்டிவரும்போது விலையை அப்படிக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். வீட்டுத் தேக்கரண்டியால் அளக்காமல் போத்தலோடு வரும் மூடியால் அளந்து கொடுங்கள். பலன் தெரிய இரண்டு நாள் வரை ஆகலாம், வாயுவும் வரும். வாயுத் தொல்லை தாங்காவிட்டால் மக்ரோகோல் தூள் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் அதுவே நல்லது, ஆனால் பக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து முழுவதையும் குடிக்க வேண்டும்.

பிறகு, நாலு நாள் ஆகிவிட்டதே, இன்றைக்கே ஏதாவது வேண்டாமா என்பீர்கள். மலவாசலில் வைக்கும் பிசகோடில் மருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை செய்யும். ஆனால் அம்மாவுக்குக் கீமோதெரபி நடந்து வெள்ளணு குறைந்திருந்தால் அந்த வழியால் எதையும் வைக்கக்கூடாது, கிருமி ஏறிவிடும். கிளினிக்குக்கு ஒரு போன் போட்டுக் கேட்டபின் வாங்குங்கள். திரவ பரபின் எண்ணெயையும் படுத்தபடியே இருக்கும் ஆளுக்குக் கொடுக்க வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குள் போனால் பெரிய தொல்லை.

ஒரு நாள் போனதும் மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம், நாலாம் நாள் திரும்பக் கடைக்கு வருவார்கள். மோர்பின் தொடரும்வரை இதையும் தினமும் கொடுங்கள், தண்ணியாகப் போனால் மட்டும் அளவைக் குறையுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாளாவது முக்காமல் போனால் போதும். (சத்திரசிகிச்சைக்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு ட்ரமடோல் குடிப்பவர்களுக்கும் இதே மருந்துகள்தான், வலிக்குளிசை நின்றதும் இதையும் நிறுத்தலாம். குடலிலேயே ஒப்பரேஷன் நடந்திருந்தால் மட்டும் சத்திரசிகிச்சை டொக்டரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.)

இப்படிக் குடலைத் தள்ள வைக்கும் மருந்தையும் தண்ணீரை இழுத்துவைக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தும் மூன்று நாள் போகவில்லை என்றால் கடையில் வேறொன்று தேடாமல் கிளினிக்குக்குப் போங்கள். அளவைக் கூட்டுவார்கள், அல்லது மோர்பினுக்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் ஃபென்ரனில் பட்டியைப் பற்றி யோசிப்பார்கள், அதில் சிலருக்குச் சிக்கல் குறைவு. போகும்போது எந்தத் திகதியில் போனது, எத்தனை குளிசை கொடுத்தீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள், டொக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.