ஒரு சிலாப் வரைபடம், நான்கு கேள்விகள்

கேள்வி: ஐயா, மேசன் வேலையிலிருந்து தொடங்கி இப்போது ஒரு சைட்டில் உதவி சூப்பர்வைசராக இருக்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு அபார்ட்மென்ட் சைட்டுக்கு சூப்பர்வைசர் நேர்முகத்தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். வரைபடம் வாசிப்பது, ஆட்களை நடத்துவது, பொருள் வேஸ்டேஜ், பாதுகாப்பு என்று எல்லாம் கேட்பார்களாம். எதை எப்படிச் சொல்ல வேண்டும்? (தெமட்டகொடையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நான்கையும் தனித்தனிப் பாடமாகப் படித்துக்கொண்டு போகாதீர்கள். அனுபவமுள்ள எஞ்சினியர் மேசையில் ஒரு சிலாபின் கம்பி வரைபடத்தை விரித்து வைத்து, அதிலிருந்தே நான்கையும் கேட்டுவிடுவார். அப்படி ஒன்றை எடுத்துப் பார்ப்போம்.

வரைபடத்தை நீட்டியதும் கம்பிக்குப் பாயாதீர்கள். முதலில் கண் போகவேண்டிய இடம் வலது கீழ் மூலைப் பெட்டி. வரைபட எண், எத்தனையாவது திருத்தம், 'கட்டுமானத்துக்கு' என்று வெளியிடப்பட்டதா, இல்லையா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். பழைய திருத்தத்தை வைத்துக் கட்டிவிட்டு உடைத்த சைட்டுகள் கொழும்பில் குறைவில்லை. அளவுகோல் வைத்து அளக்கவும் கூடாது. எழுதியிருக்கும் அளவு மட்டுமே அளவு. போட்டோ கொப்பி எடுக்கும்போது தாள் சுருங்கியிருக்கலாம்.

இனி கம்பி. இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
48T10-03-150-B1
24T10-07-300-T1
```

முதல் வரி: 48 கம்பிகள், 10 மி.மீ. உயர்வலிமைக் கம்பி, கம்பி எண் 03, 150 மி.மீ. இடைவெளி, அடி வலையின் வெளி அடுக்கு. இரண்டாவது வரியில்தான் பலர் சறுக்குவார்கள். T10இல் உள்ள T கம்பியின் வகை. கடைசியில் வரும் T1இன் T மேல் வலை. புதிய வரைபடங்களில் முதல் Tக்குப் பதிலாக H இருக்கும். எண்ணிக்கையையும் அப்படியே நம்பாமல், "48 கம்பி, 47 இடைவெளி, ஆகவே சுமார் 7.05 மீற்றர் அகலத்துக்குப் பரவ வேண்டும். அது சிலாபின் அளவோடு பொருந்துகிறதா என்று பார்ப்பேன்" என்று சொல்லுங்கள். கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்து அநேகமாக "B1, B2 மாறினால் என்ன?" என்று கேட்பார். B1 தான் கவர் பிளாக்கின் மேல் முதலில் இறங்கும் கம்பி. சாதாரண சிலாபில் அது குறுகிய பக்கமாக ஓடும். 150 மி.மீ. சிலாபில் 25 மி.மீ. கவர் என்றால், B1 கம்பியின் நடுவிலிருந்து சிலாபின் மேல்மட்டம் வரை 120 மி.மீ. அதே கம்பி அதற்கு மேல் அடுக்கான B2க்கு ஏறினால் 110 தான். கம்பியின் எடையும் எண்ணிக்கையும் மாறாது. ஆனால் சுமை தாங்க வேண்டிய திசையில் பலம் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும். கொங்கிரீட் விழுந்தபின் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால்தான் இதைக் கேட்கிறார்கள்.

வேஸ்டேஜ் என்றதும் "வேஸ்டைக் குறைப்பேன்" என்று சொல்வது பதிலே அல்ல. அதே இரண்டு வரிகளை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 03ஆம் கம்பியின் வெட்டு நீளம் 5 மீற்றர், 07இன் நீளம் 1.9 மீற்றர் என்று கொள்வோம். கம்பி 12 மீற்றராக வருகிறது. ஒரு கம்பியில் இரண்டு ஐந்து மீற்றர் வெட்டினால் 2 மீற்றர் மிஞ்சும். 48க்கு 24 கம்பி போகும். 24 துண்டுகள் மிஞ்சும். அவை ஒவ்வொன்றிலும் ஒரு 07 வெட்டலாம். 288 மீற்றரில் வீண் 2.4 மீற்றர், நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

அப்படிச் செய்யாமல் 07க்குப் புதுக் கம்பி எடுத்தால், ஒரு கம்பியில் ஆறு வீதம் இன்னும் 4 கம்பி வேண்டும். மொத்தம் 336 மீற்றரில் 50 மீற்றருக்கு மேல் துண்டாகக் கிடக்கும், அதாவது 15 வீதம். 10 மி.மீ. கம்பி மீற்றருக்கு 0.617 கிலோ என்பதால், கூடுதலாக எடுத்த 4 கம்பி மட்டும் முப்பது கிலோவுக்குக் கிட்ட வரும். இது ஒரே ஒரு சிலாபில் உள்ள இரண்டு கம்பி எண்களின் கணக்கு. ஓர் எல்லையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: மிச்சத் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு நீளக் கம்பியாக்குவதை எஞ்சினியரின் ஒப்புதல் இல்லாமல் செய்யமாட்டீர்கள்.

இந்தக் கணக்கு தாளில் சரியாக இருந்தாலும் சைட்டில் தோற்பது ஏன்? ஆட்களைப் பற்றிய கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடைக்கிறது. கம்பி பாஸ் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வெட்டுவார். அவருக்குக் கிலோக் கணக்கில் காசு என்றால், கட்டிய கம்பிக்குத்தான் கூலி. துண்டு வீணானால் அவருக்கு நட்டமில்லை. அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. வெட்டுப் பட்டியலை நீங்களே எழுதி, 03ஐயும் 07ஐயும் ஒரே நாளில் சேர்த்து வெட்டக் கொடுக்க வேண்டும். நீளமானது முதலில், துண்டுகள் நீளவாரியாகத் தனித் தட்டில்.

B1, B2 மாறியிருப்பதைக் கண்டாலும் அவருடைய ஆட்கள் முன்னால் சத்தம் போடாமல் பாஸை ஓரமாக அழைத்து வரைபடத்தைக் காட்டுங்கள். "நாங்கள் எப்போதும் இப்படித்தான்" என்று அவர் சொன்னாலும் கம்பி மாற்றப்படும் வரை கொங்கிரீட் லொறிக்கு ஓடர் கொடுக்காதீர்கள். கொங்கிரீட் போடும் நேரம் ஒரு கம்பி ஆளையாவது மேலே நிறுத்துங்கள். வாளியோடும் குழாயோடும் நடப்பவர்கள் T1ஐ மிதித்துக் கீழே இறக்கிவிடுவார்கள். நடக்கப் பலகை போட்டு, விழுந்த கம்பியைத் தூக்கிவிட ஆள் வேண்டும். இன்னொன்று: கொழும்பு சைட்டில் பாதிப் பேருக்குச் சிங்களம்தான் வசதி. காலைப் பேச்சை இரண்டு மொழியிலும் நடத்த முடியும் என்றால் மறக்காமல் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், சான்றிதழை விட அதற்கு மதிப்பு அதிகம்.

பாதுகாப்புக்கு ஹெல்மெட், பூட்ஸ் என்று ஒப்பிப்பவர்கள்தான் அதிகம். நீங்கள் அதே சிலாபின் மேல் நின்று பேசுங்கள். விளிம்பில் தடுப்புக் குழாய் இருக்கிறதா? குழாய்கள் போகும் துவாரத்தை மூடிய பலகை ஆணியடிக்கப்பட்டதா, சும்மா வைத்திருக்கிறதா? மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பிகளுக்கு மூடி உண்டா? பெல்ட் கட்டியவன் அதன் கொக்கியை எதில் மாட்டியிருக்கிறான்? கீழே ஜெக்குகள் நேராக, கெட்டியான தரையில் நிற்கின்றனவா? கடைசிக் கேள்விக்கு, இரவு மழை பெய்திருந்தால் காலையில் மறுபடி பார்ப்பேன் என்பது சரியான பதில்.

நீங்கள் எதிர்பாராத நேரத்தில் டெங்குவைப் பற்றியும் கேட்பார்கள். சிலாபை ஈரமாக வைக்க ஏழு நாள் தண்ணீர் கட்டுவோம். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நாள்தான். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி குடம்பி இருந்தால் வழக்கு வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கட்டுமான சைட்டுகளைத் தேடி வருவதும் வழக்கம். ஆகவே தேங்கிய தண்ணீரை இடையில் வடித்து மாற்றுவது அல்லது ஈரச் சாக்கால் மூடி நனைப்பது, லிப்ட் குழியை வாராவாரம் பம்ப் வைத்து வற்றவைப்பது, யார் எப்போது செய்தார் என்று சைட் புத்தகத்தில் எழுதுவது. இதற்கென்று ஓர் ஆளைப் பெயர் சொல்லி நியமிப்பேன் என்றும் சொல்லுங்கள். எல்லாருக்கும் பொதுவாகச் சொன்ன வேலையைச் சைட்டில் ஒருவரும் செய்வதில்லை.