மழைச் சத்தமும் தூக்கமும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

சிந்துபூந்துறைப் பக்கம் குடியிருக்கிறோம். மார்கழி முதல் நாள் பிடித்த மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, எதிர்வீட்டு மாடியில் இரண்டு இரவு கிடந்தோம். வெள்ளம் வடிந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் சிறு தூறல் கேட்டாலே எழுந்து, இருட்டிலேயே தரையைக் காலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஓர் இரவில் ஐந்தாறு தடவை ஆகிவிடுகிறது. ஏழு வயது மகன் படுக்கையை நனைக்கிறான். வீட்டுக்காரர் வெள்ளத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. கேட்டால் எரிந்து விழுகிறார். அத்தையோ, "92 வெள்ளத்தையே பாத்தவ நான், இதுக்குப் போயி ஒறக்கம் கெடுமாக்கும்" என்கிறார். பக்கத்து வீட்டு மதினி, தான் போடும் தூக்க மாத்திரையில் பாதி தருகிறேன் என்கிறார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. மூன்றாவது வாரத்தில் உங்கள் வீட்டில் நடப்பவை எல்லாம் வெள்ளம் கண்ட வீடுகளில் வழக்கமாக நடப்பவைதான். பெரும்பாலானவர்களுக்கு இவை சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். உங்கள் விஷயத்தில் நான் கவனிக்க விரும்புவது, இரவில் எழுந்து தரையைத் தடவும் அந்த ஒரு பழக்கத்தைத்தான். அதைச் சரியாகக் கையாண்டால் தூக்கம் திரும்பும். தூக்கம் திரும்பினால் மற்றவையும் பாதி இறங்கிவிடும்.

அன்று இருட்டு, மழைச் சத்தம், மின்சாரம் போனது, சேற்று வாடை ஆகிய நான்கும் ஆபத்தோடு சேர்ந்தே வந்தன. உடம்பு அந்த நான்கையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே அவற்றில் ஒன்று வந்தாலும் மற்ற மூன்றும் பின்னாலேயே வருவதாக எண்ணி உங்களை எழுப்பிவிடுகிறது. வெள்ளம் நின்ற சுவர் எளிதில் காயாது என்பதால், அந்த வீட்டில் படுத்திருக்கும் உங்களுக்கு அந்தச் சேற்று வாடை இரவெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கும். முடிந்தால் ஈரம் குறைந்த அறையில் படுங்கள்; பகலில் கதவு, சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

எழுந்து பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தரை காய்ந்திருப்பது தெரிந்ததும் மனம் ஆறுகிறது. ஆனால் 'பார்த்ததால்தான் தப்பித்தோம்' என்றும் மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது. அதனால் அடுத்த தூறலுக்கு இன்னும் சீக்கிரம் எழுப்புகிறது. இரண்டு தடவை என்பது ஐந்தாறு தடவையாவது இப்படித்தான். 'பார்க்கவே கூடாது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுப்பதாலும் பயனில்லை, ஏனென்றால் ஆற்றங்கரையில் குடியிருப்பவருக்கு அந்த அச்சம் முழுக்கப் பொய்யும் அல்ல. பார்ப்பதை இரவிலிருந்து எடுத்து மாலைக்கு மாற்றுவதே வழி.

தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஒரே ஒரு முறை, வானிலை அறிவிப்பையும், பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து தண்ணீர் திறப்பது பற்றி மாவட்ட நிர்வாகம் ஏதும் சொல்லியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் வெள்ளக் காணொளிகள் இதில் சேரா. அவற்றைத் திறக்காமலே அழித்துவிடுங்கள். ரேஷன் கார்டு, பட்டா, வங்கிப் புத்தகம், மருந்துகள், ஒரு டார்ச் ஆகியவற்றை ஒரு பையில் போட்டுப் பரணில் வையுங்கள். தண்ணீர் வந்தால் அத்தையை யார் கைப்பிடித்து அழைத்துப்போவது, எந்த மாடிக்குப் போவது என்பதை வீட்டில் ஒருமுறை பேசி முடிவு செய்யுங்கள். எச்சரிக்கை வந்திருக்கும் இரவில் பொழுது சாயுமுன்னே இடம் மாறிவிடுங்கள். நான் சொல்வது எச்சரிக்கை இல்லாத இரவுகளுக்கு மட்டும்.

அப்படியும் விழிப்பு வரும். வந்தால் இருட்டில் தடவாமல், எழுந்து உட்கார்ந்து டார்ச்சை அடித்துத் தரையை ஒருமுறை கண்ணால் பாருங்கள். அன்றைக்கும் இன்றைக்கும் என்ன வேறுபாடு என்பதை வாய்விட்டே சொல்லுங்கள்: "இது வெறும் தூறல். அணை பற்றி அறிவிப்பு இல்லை. தரை காய்ந்திருக்கிறது." அன்று ஊரிலும் மலையிலும் ஒருசேரக் கொட்டியதால்தான் ஆறு தெருவுக்குள் வந்தது; ஒரு தூறலால் அது நடக்காது. பிறகு மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கும்படி சில நிமிடங்கள் விடுங்கள். இருபது நிமிடம் போலப் படுத்தும் தூக்கம் வரவில்லையென்றால், புரண்டுகொண்டு கிடக்காமல் வேறு இடத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொருகும்போது வந்து படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுங்கள். பகல் தூக்கமும் மாலைக் காப்பியும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். முதல் இரண்டு மூன்று இரவுகள் கூடுதல் சிரமமாகவே இருக்கும். எத்தனை தடவை எழுந்தீர்கள் என்று காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். ஐந்து மூன்றாகக் குறைந்தால் சரியான திசையில்தான் போகிறீர்கள்.

மதினியின் மாத்திரை வேண்டாம். இப்படிக் கைமாறும் தூக்க மாத்திரைகள் பெரும்பாலும் அல்பிரசோலம், டையஸிபாம் வகையைச் சேர்ந்தவை. பேரிடர் போன்ற அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில், தூக்கமின்மைக்குக்கூட இவ்வகை மருந்தைப் பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அச்சத்தின் வேரை அது தொடுவதில்லை. பழக்கமாகிவிட்டால் விடுவதும் கடினம். மதினி பல மாதங்களாகப் போட்டு வருகிறார் என்றால், அவரும் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மகனைத் திட்டவோ, பிறர் முன்னால் சொல்லவோ வேண்டாம். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு பிள்ளைகள் விட்டுவிட்ட பழைய பழக்கத்துக்குத் திரும்புவது இயல்பு. படுக்குமுன் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுங்கள், பள்ளிக்குத் தவறாமல் அனுப்புங்கள், சில நாள் பக்கத்தில் படுக்க வையுங்கள். வாளித் தண்ணீரில் பொம்மையை முக்கி வெள்ள விளையாட்டு விளையாடினால் தடுக்காதீர்கள். விளையாட்டில் பொம்மை ஒருபோதும் கரையேறாமல், அவனும் ஒவ்வொரு முறையும் கலங்கியே எழுந்தால் மட்டும் கவனியுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரைப் பேசவைக்க முயலாதீர்கள். பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து நடந்ததை எல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் பல நாடுகளில் இருந்தது. அது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியதால் கைவிடப்பட்டது. "நிவாரணத்துக்கு எந்தத் தாளை எடுத்துவைக்க?", "மோட்டாரை இன்றைக்குக் கழற்றிப் பார்ப்போமா?" போன்ற காரியப் பேச்சு போதும். பேச வேண்டும் என்று தோன்றும்போது அவரே தொடங்குவார். சாயங்காலக் குடி கூடுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். அத்தைக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 92-இல் அவர் எத்தனை இரவு விழித்துக் கிடந்தார் என்று கேட்டுப் பாருங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

ஒரு மாதம் தாண்டியும் குறையாமல் நின்றால், வெள்ளம் இப்போதே நடப்பதுபோல் பகலிலும் கண்முன் வந்தால், வீட்டுக்குள் நுழையவோ வேலைக்குப் போகவோ முடியாமல் போனால், மனநல மருத்துவரைப் பாருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அதற்கான பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வீட்டில் யாரேனும் சாவைப் பற்றிப் பேசினால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

அடுத்த ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடிக்கும்போதும், மார்கழி பிறக்கும்போதும், முழுக்கக் குணமானவர்களுக்குக்கூடச் சில இரவுகள் இது திரும்ப வரலாம். அப்போதும் ஒன்பது மணி அறிவிப்பு, பரணில் பை, டார்ச் என்ற இதே ஏற்பாடு போதும்.

அன்புடன்.