ரோவாஸ் இலக்கை எத்தனை எட்டில் உயர்த்துவது? – கேள்வி பதில்

கேள்வி (சின்னாளபட்டி, சுங்குடிச் சேலை விற்பனை): அக்கா, கூகுள் விளம்பரத்தில் எங்களுக்கு ரோவாஸ், அதாவது விளம்பரச் செலவுக்குக் கிடைக்கும் விற்பனை, 400% சுற்றி வந்துகொண்டிருந்தது. லாபம் போதவில்லை என்று இலக்கை 400-லிருந்து 700 ஆக மாற்றினேன். பத்து நாளில் தினச்செலவு நான்கில் ஒரு பங்காகிவிட்டது, ஆர்டரும் நின்றுவிட்டது. விளம்பரம் பழுதாகிவிட்டதா?

பதில்: பழுதாகவில்லை. நீங்கள் கேட்டதைத்தான் அது செய்திருக்கிறது. அந்த 700 என்பதைக் கூகுள் ஒரு வகுக்கும் எண்ணாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஒருவர் தேடும் நொடியில், அவர் கிளிக் செய்தால் சராசரியாக எவ்வளவு விற்பனை வரும் என்று கணிக்கிறது. அந்தத் தொகையை உங்கள் இலக்கால் வகுத்தால் கிடைப்பதுதான் ஏறத்தாழ உங்கள் ஏலத்தொகை.

உங்கள் சேலை 1,400 ரூபாய், ஐம்பது கிளிக்குக்கு ஒரு விற்பனை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளிக்கின் மதிப்பு 28 ரூபாய். இலக்கு 400% என்றால் அது 7 ரூபாய் வரை ஏலம் கேட்கும். 700% என்றால் 4 ரூபாய்தான். போட்டிக் கடைகள் 5, 6 ரூபாய் கேட்கும் இடத்தில் 4 ரூபாயுடன் நின்றால், கிளிக் பாதியாகக் குறைவதோடு நிற்காது. அந்த ஏலங்களில் பெரும்பாலானவற்றில் நீங்கள் தோற்றுப்போவீர்கள். இதைத் திரையிலேயே பார்க்கலாம். ஏல வரிசையில் பின்தங்கியதால் உங்கள் விளம்பரம் தெரியாமல் போன பங்கைக் காட்டும் `Search lost IS (rank)` என்ற பத்தியைச் சேர்த்து, மாற்றத்துக்கு முந்தைய வாரத்தையும் பிந்தைய வாரத்தையும் ஒப்பிடுங்கள். அது குதித்திருந்தால் காரணம் ஏலத்தொகைதான்.

இரண்டாவது சேதம் மெதுவாக வரும். ஆர்டர் குறைந்தால் கணிப்புக்குத் தேவையான புதிய தகவலும் குறைகிறது. எந்தத் தேடல் வாங்கும், எது வேடிக்கை பார்க்கும் என்று பிரித்தறிய அதற்குத் தீனி இல்லை. இலக்கை 400-க்கே திருப்பிவிடுங்கள். அதோடு பட்ஜெட்டையோ விளம்பர வாசகத்தையோ மாற்றாதீர்கள். மாற்றினால் எது எதனால் நடந்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். பழைய அளவு மறுநாளே வந்துவிடாது. நான் பார்த்த கணக்குகளில் இரண்டு மூன்று வாரம் பிடித்திருக்கிறது.

கேள்வி (திருப்பூர், குழந்தைகள் ஆடை): ஒரு தடவைக்கு 20 சதவீதம் ஏற்றலாம் என்று படித்தேன். அதனால் வாரா வாரம் 400, 420, 440 என்று ஏற்றிக்கொண்டு வருகிறேன். சரிதானே?

பதில்: பாதி சரி. 400-இல் 20 சதவீதம் 80. ஆகவே நீங்கள் படித்த அளவு 480. நீங்கள் ஏற்றியது 5 சதவீதம். அதில் கெடுதல் இல்லை, ஆனால் அவ்வளவு சிறிய அசைவு அன்றாட ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே மறைந்துவிடும். நான் 10 சதவீதத்தை விரும்புகிறேன். ஆர்டர் நிறைய வரும் கணக்கில் 15 வரை போவேன்.

தவறு இருப்பது "வாரா வாரம்" என்பதில். இன்று கிளிக் செய்தவர் இன்றே வாங்குவதில்லை. கூடையில் போட்டு வைத்துவிட்டு சம்பளம் வந்த பிறகு வாங்குகிறவர்கள் உண்டு. அந்த விற்பனை, கிளிக் நடந்த நாளின் கணக்கில்தான் பின்னர் சேரும். ஆகவே ரோவாஸைக் காட்டும் `Conv. value / cost` பத்தி கடைசி ஆறேழு நாட்களுக்கு எப்போதும் குறைவாகவே தெரியும். போன வாரத்தை இன்று ஒரு தடவையும் பத்து நாள் கழித்து ஒரு தடவையும் எடுத்துப் பாருங்கள், எண் மாறியிருந்தால் உங்கள் கடையின் தாமதம் எவ்வளவு என்று புரிந்துவிடும். உங்கள் வாடிக்கையாளர் பெரும்பாலும் ஐந்து நாளுக்குள் வாங்கிவிடுகிறார் என்றால், இலக்கை மாற்றிய பிறகு இரண்டு வாரம் ஓடவிட்டு, மேலும் ஐந்து நாள் காத்திருந்து, அந்த இரண்டு வாரத்தை மட்டும் எடைபோடுங்கள். அதற்கு முன் அடுத்த எட்டு வேண்டாம்.

கேள்வி (சேலம்): நான் பல் மருத்துவமனைக்கு விளம்பரம் பார்க்கிறேன். ஒரு முன்பதிவுக்கு 500 ரூபாய் என்று இலக்கு வைத்திருக்கிறேன். இதையும் 10 சதவீதம் உயர்த்தலாமா?

பதில்: தம்பி, உங்களுடையது வேறு வகை இலக்கு, அங்கே திசை தலைகீழ். 500-ஐ 550 ஆக்கினால் கட்டுப்பாடு தளரும். இறுக்க வேண்டுமென்றால் 450-க்கு இறக்க வேண்டும். எட்டின் அளவும் காத்திருப்பும் மட்டும் ஒன்றுதான்.

கேள்வி (மதுரை, சமையல் பாத்திரங்கள்): எனக்கு நேர்மாறாக நடந்தது. இலக்கை 300-லிருந்து 330, பிறகு 360 என்று ஏற்றியும் செலவு ஒரு ரூபாய் குறையவில்லை, ரோவாஸ் மட்டும் கூடியது. அப்படியென்றால் இன்னும் தாராளமாக ஏற்றலாமா?

பதில்: உங்கள் விளம்பரம் பட்ஜெட்டில் முட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். `Search lost IS (budget)` பெரிய எண்ணாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால், வாங்கக்கூடிய கிளிக் ஏராளமாக இருந்தும் பணம் போதாமல் பல ஏலங்களில் நீங்கள் கலந்துகொள்ளவே இல்லை என்று பொருள். இந்த நிலையில் இலக்கை ஏற்றினால் ஒவ்வொரு கிளிக்கும் மலிவாகும், அதே பணம் கூடுதல் கிளிக்குகளுக்குப் பரவும். செலவு குறையாமல் ரோவாஸ் கூடுவது அதனால்தான்.

ஆனால் இந்த இலவச உயர்வுக்கு ஒரு விளிம்பு உண்டு. பட்ஜெட் இழப்பு பூச்சியத்தை நெருங்கும்போது, அடுத்த எட்டு நேராக ஆர்டரை வெட்டும். முன்னர் இரண்டு எட்டும் வலிக்காததால் மூன்றாவதைப் பெரிதாக வைத்து மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்தி பூச்சியத்துக்கு அருகில் வந்ததும் 10 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள்.

கேள்வி (சென்னை): அப்படியே ஏற்றிக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது? எங்கள் முதலாளி "ஆயிரம் சதவீதம் வேண்டும்" என்கிறார்.

பதில்: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒரு குத்துவிளக்குக் கடையின் கணக்கைச் சொல்கிறேன், நானே பார்த்துக்கொண்டது. இலக்கு 400. மாதச் செலவு 1,80,000 ரூபாய், விற்பனை 7,56,000. ரோவாஸ் 420%. பித்தளையின் விலை, கூலி, பொதி, தபால் எல்லாம் போக நூறு ரூபாய் விற்பனையில் 40 ரூபாய் மிஞ்சும். அதாவது ஒரு ரூபாய் விளம்பரத்துக்கு இரண்டரை ரூபாய் விற்றால் கைநட்டம் இல்லை. 250% என்ற இந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தோம்.

இலக்கை 440 ஆக்கினோம். எல்லாம் அடங்கிய பிறகு மாதச் செலவு 1,62,000, விற்பனை 7,20,000. விற்பனை 36,000 குறைந்ததும் கடைக்காரர் முகம் வாடிவிட்டது. ஆனால் அந்த 36,000-இல் அவருடையது 14,400 மட்டுமே. மிச்சமான விளம்பரச் செலவோ 18,000. விட்டுப்போன விற்பனை, நட்டத்தில் வாங்கிய விற்பனை. மாதம் 3,600 ரூபாய் லாபம் கூடியது.

அடுத்து 480. செலவு 1,38,000 ஆனது, விற்பனை 6,48,000. ரோவாஸ் 470%. திரையில் பார்த்தால் முன்னேற்றம்தான். ஆனால் இந்த எட்டில் 72,000 விற்பனை போயிருக்கிறது, அதில் அவர் பங்கு 28,800. மிச்சம் பிடித்தது 24,000. மாதம் 4,800 கையை விட்டுப் போகிறது. முதல் எட்டில் கிடைத்ததை விடவும் அதிகம். 440-க்குத் திரும்பி அங்கேயே நின்றோம்.

மொத்த ரோவாஸ் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒவ்வொரு எட்டிலும் இழந்த விற்பனையை மிச்சமான செலவால் வகுத்துப் பாருங்கள். முதல் எட்டில் 200%, இரண்டாவதில் 300%. உங்கள் கைநட்டக் கோட்டுக்குக் கீழே இருந்தால் அந்த எட்டு நல்லது, மேலே போனால் ஒரு எட்டு பின்வாங்குங்கள். சிறு எட்டின் உண்மையான பயன் இதுதான். 400-லிருந்து நேராக 700-க்குப் போயிருந்தால், லாபம் 440-இல் இருந்தது என்று அந்தக் கடைக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. உங்கள் முதலாளியிடம் ஆயிரத்தைப் பற்றி வாதிடாதீர்கள். நூறு ரூபாய் விற்பனையில் அவருக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (பெங்களூரு, விளம்பர நிறுவனத்தில் பணி): ஒரு மாறுபாடு. இலக்கை மாற்றிய உடனே அடுத்த ஏலத்திலிருந்தே புதிய எண்தான் பயன்படுகிறது. மாற்றியதற்காகக் கூகுள் தண்டிப்பதில்லை. 700-தான் வேண்டுமென்றால் நேராக 700 வைத்துவிட்டு மூன்று வாரம் பார்ப்பதில் என்ன குறை? ஆறேழு சிறு எட்டுகளாக ஏற்றி நான்கைந்து மாதம் வீணாக்குவானேன்?

பதில்: தண்டனை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாள்தோறும் நூற்றுக்கணக்கான ஆர்டர் வரும் கணக்கில், சோதனை வசதியில் போக்குவரத்தைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பெரிய எட்டு வைத்துப் பார்ப்பது நியாயமான வழி. ஒரே நாட்களில் இரண்டும் ஓடுவதால் ஒப்பீடும் சுத்தமாக இருக்கும். ஆனால் நாளுக்கு மூன்று ஆர்டர் வரும் கடை அந்த மூன்று வாரத்தில் பத்துப் பன்னிரண்டு ஆர்டரோடு நிற்கும். அதை வைத்து நீங்களும் எதையும் தீர்மானிக்க முடியாது, கணிப்பும் தடுமாறும். எந்த அளவுக்கு மேல் உங்கள் வழி சிறந்தது என்று கோடு கிழிக்க என்னிடம் போதிய கணக்குகள் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

கேள்வி (நாகர்கோவில், நேந்திரம் சிப்ஸ்): எனக்கு மாதம் எட்டு ஆர்டர்தான். அதுவும் நான்கு தனித்தனி விளம்பரத் தொகுப்புகளில். நான் எத்தனை சதவீத எட்டு வைக்க வேண்டும்?

பதில்: இப்போதைக்கு இலக்கை ஏற்றவே வேண்டாம். எட்டு ஆர்டரில் ஒருவர் திருமணத்துக்காக மொத்தமாக வாங்கினால் ரோவாஸ் இரட்டிப்பாகத் தெரியும், அடுத்த மாதம் பாதியாகத் தெரியும். நான்கையும் ஒன்றாக்குங்கள். இலக்கைக் காலியாக விட்டு, விற்பனை மதிப்பைப் பெருக்கும் முறையில் உங்களால் தாங்கக்கூடிய ஒரு சிறு பட்ஜெட்டில் ஓடவிடுங்கள். இலக்கு இல்லாதபோது அது பட்ஜெட் முழுவதையும் செலவழிக்கவே பார்க்கும், ஆகவே அந்தத் தொகையைக் கவனமாக வையுங்கள். மாதம் முப்பது ஆர்டரைத் தொட்ட பிறகு, உண்மையில் வந்துகொண்டிருக்கும் ரோவாஸ் எதுவோ அதையே முதல் இலக்காக வையுங்கள். அது ஓணத்துக்கோ தீபாவளிக்கோ முந்தைய வாரங்களாக இருந்தால், பண்டிகை முடியும் வரை காத்திருந்துவிட்டு, வழக்கமான ஒரு மாதத்தின் எண்ணை எடுங்கள்.