சம்பள நாளுக்கு மறுநாள் காலை 0 வந்தால்

"டாக்டர் ஐயா, வயசு 38. தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு. நாலு மாசமா விறைப்பு சரியில்லை. கிளினிக்கில் ஒரு மாசம் எழுதிக்கொண்டு வரச் சொன்னாங்க. என்னத்தை எழுதுறது?"

முக்கியமாகத் தூங்கி எழும்பும்போது இருந்த விறைப்பை, தம்பி. பலர் மனைவியோடு சேர்ந்த இரவை மட்டும் எழுதிக்கொண்டு வருவார்கள். கனவு காணும் தூக்கத்தில் உடம்பு தானாகவே ஒரு இரவில் மூன்று முதல் ஐந்து தடவை விறைக்கும். எழும்பும்போது நன்றாக இருந்து, உறவின்போது மட்டும் போய்விட்டால், இரத்தக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரிதான். இரண்டிலும் இல்லையென்றால் சீனி, பிரஷர், கொழுப்பு என்று சோதிப்பார்கள்.

ஒரு கொப்பியில் நாளுக்கு ஒரு வரி போதும். எழும்பியதும் விறைப்புக்கு எண் போடுங்கள்: 0 இல்லை, 1 பெருத்தது ஆனால் கடினமில்லை, 2 கடினம் ஆனால் உறவுக்குப் போதாது, 3 போதும், 4 முழு விறைப்பு. உறவு நடந்தால் அதற்கு வேறு எண். பக்கத்தில் தூங்கிய மணி, மனஅழுத்தம் பத்துக்கு எத்தனை, முந்திய நாள் குடித்தது. 'கொஞ்சம்' வேண்டாம், கால் போத்தல் என்றால் கால் போத்தல். கசிப்பானாலும் எழுதுங்கள், டாக்டர் பொலிஸ் இல்லை.

இரவு வேலைக் கிழமைக்கு வேறு கணக்கு. உங்களுக்குக் காலை என்பது பகல் தூக்கம் கலையும் நேரம். கனவுத் தூக்கம் கடைசி மணித்தியாலங்களில்தான் நீளும். லயத்துப் பிள்ளைகளின் சத்தத்தில் நாலு மணித்தியாலத்தில் எழும்பினால், அந்த 0 வெறும் தூக்கக் குறைவாக இருக்கலாம். குடியும் கனவுத் தூக்கத்தைக் குறைக்கும். அதனால் இரவு வேலை நாளுக்கு 'இ' என்று குறியுங்கள். ஒருவரின் கொப்பியில் 30 நாளில் 15 நாள் 0 அல்லது 1. அதில் 11 நாள் குடித்த மறுநாள் அல்லது ஐந்து மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாள். மற்ற 15 நாளும் 3, 4. மாத்திரைக்கு முன்னால் குடியையும் தூக்கத்தையும்தான் பேசினோம்.

பஸ் ஸ்டாண்டுத் தூணில் ஒட்டியிருக்கும் 'நரம்புத் தளர்ச்சி' லேகியத்தை மட்டும் இந்த மாதம் தொடாதீர்கள். சிலவற்றில் விறைப்புக்குக் கொடுக்கும் சில்டெனாபில் மாத்திரையை இரகசியமாக அரைத்துக் கலக்கிறார்கள். கொப்பியில் பொய்யான 4 வரும், அது சின்ன விஷயம். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பவர் அந்த லேகியத்தையும் விழுங்கினால் பிரஷர் விழுந்து உயிரே போகலாம். ஏற்கெனவே விழுங்கியிருந்தால் வெட்கப்படாமல் எழுதுங்கள்.

ஆறு மணிக்கு வரிசையில் நின்று, தமிழ் தெரியாத டாக்டரிடம் இரண்டு நிமிடம், அதிலும் பக்கத்து ஆள் மொழிபெயர்க்க, இதையெல்லாம் எப்படிச் சொல்வது? இந்த அவலம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் எண்ணாக எழுதச் சொல்கிறேன். நீங்கள் குடிக்கும் குளிசை உறைகளையும் கொப்பிக்குள் வையுங்கள், சில பிரஷர் குளிசையாலும் இது வரும். மலை ஏறும்போது நெஞ்சு இறுகினால் மாதம் முடியக் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.